விருது வாங்கிய பாட்டியையே வெட்டிவிட்ட கிராப்

ஒரு செய்தித் தளத்தில் படங்களைக் கையாள்வது என் வேலை. போன வருஷம் ஒரு விருது விழாப் படம் வந்தது. இடப்பக்கம் வெள்ளைப் பருத்திச் சேலையில் விருது வாங்கும் பாட்டி, வலப்பக்கம் சிவப்புப் பட்டில் சிறப்பு விருந்தினர். மொபைலுக்கான 4:5 அளவில் வெளியானபோது பாட்டியைக் காணோம். நீட்டிய அவருடைய கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. மறுநாள் பேத்தி போன் செய்து வருத்தப்பட்ட பிறகுதான் எங்களுக்கே தெரியும். இன்னும் மனசு உறுத்துகிறது.

படத்தைச் சுருக்கி வெட்ட நாங்கள் ஓட்டியது இந்த ஒரு வரிதான்:

```
vipsthumbnail vizha.jpg --size 800x1000 --smartcrop attention
```

இது படத்தில் கண்ணை இழுக்கும் இடங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. கூர்மையான விளிம்பு, அடர்ந்த நிறம், தோல் நிறம் ஆகியவற்றுக்குக் கூடுதல் மதிப்பெண். இதைத்தான் சேலியன்சி என்கிறோம். அப்புறம் அதிக மதிப்பெண் பெற்ற ஒரே ஒரு புள்ளியை நடுவில் வைத்து வெட்டுகிறது. ஜரிகை மின்னும் சிவப்புப் பட்டுக்கு முன்னால் வெள்ளைச் சேலை தோற்றுப்போனது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். படம் 4000×3000 பிக்சல். 4:5 என்றால் உயரம் 3000, அகலம் 2400. இடது விளிம்பிலிருந்து எண்ணினால் பாட்டியின் முகம் 850 முதல் 1150 வரை, விருந்தினர் முகம் 2750 முதல் 3050 வரை. 2900-ஐ நடுவாக வைத்தால் 1700-இல் தொடங்க வேண்டும்; வலப்பக்கம் அவ்வளவு இடம் இல்லாததால் கிராப் 1600-இல் தொடங்கி வலது விளிம்போடு முடிந்தது. ஆனால் 650 முதல் 850 வரை எங்கே தொடங்கியிருந்தாலும் இரண்டு முகமும் உள்ளே வந்திருக்கும்!

அதனால் இப்போது புள்ளியைப் பார்ப்பதில்லை. 2400 அகலச் சட்டத்தை இடமிருந்து வலமாக நகர்த்தி, உள்ளே விழும் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டுகிறோம். கண்டறிந்த முகம் எதையும் சட்டம் வெட்டக் கூடாது என்பது கூடுதல் நிபந்தனை. தேறும் இடங்களின் நடுவை எடுத்தால் 750. இரண்டு முகத்துக்கும் பக்கத்தில் ஒரே அளவு இடம் கிடைக்கிறது. ஒருவர் மட்டும் இருக்கும் படத்தில் மதிப்பெண்களின் எடை மையத்தை நடுவாக வைக்கலாம், சரியாக வரும். இருவர் என்றால் அது பளபளப்பானவர் பக்கமே சாயும்.

முகங்கள் இன்னும் தள்ளி இருந்தால் எந்தச் சட்டமும் போதாது. மொத்த மதிப்பெண்ணில் 85 சதவீதத்துக்குக் கீழே மட்டும் உள்ளே வந்தாலோ, ஒரு முகம் வெளியே போனாலோ, எங்கள் நிரல் வெட்டாமல் படத்தை ஆசிரியருக்கு அனுப்பிவிடும். அந்த 85 எங்கள் படங்களைப் பார்த்து வைத்தது. உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

யார் முகம் தோற்கிறது என்பதையும் பாருங்கள். ட்விட்டர் 2018-இல் கொண்டுவந்த சேலியன்சி கிராப், 2021-இல் அவர்களே வெளியிட்ட சோதனையில் வெள்ளையர் பக்கம் 4 சதவீதமும் பெண்கள் பக்கம் 8 சதவீதமும் சாய்ந்திருந்தது. அந்த ஆண்டே மொபைலில் அதைக் கைவிட்டு முழுப் படத்தைக் காட்டத் தொடங்கினார்கள்.

பாட்டியின் படத்தை அன்றே 750-இல் தொடங்கி மாற்றி வெட்டிப் போட்டோம். பேத்திக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.