ஆயிரத்தில் ஒரு குழந்தை, பத்துப் பதினொரு பொய் எச்சரிக்கை

பிறந்து மூன்றாம் நாள் குழந்தையின் குதிகாலில் ஒரு சின்னக் குத்து. கசியும் ரத்தத்தை வடிதாள் போன்ற கெட்டித் தாளில் அச்சிட்ட வட்டங்களில் சொட்டவிட்டு, காயவைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். சில நாள் கழித்து ஃபோன் வருகிறது: "டிஎஸ்ஹெச் கூடுதலா இருக்கு, குழந்தையைக் கூட்டிட்டு வாங்க." அந்த வீட்டில் அன்று யாருக்கும் சோறு இறங்காது.

அப்படி அழைக்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே இருக்காது. சோதனை மட்டமானது என்பதால் அல்ல. நல்ல சோதனையிலும் இதுதான் நடக்கும். காரணம் கணக்கில் இருக்கிறது.

முதலில் எதைத் தேடுகிறோம் என்று பார்த்துவிடலாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே தைராய்டு சுரப்பி இருக்காது, அல்லது இருந்தும் போதுமான ஹார்மோனைச் சுரக்காது. ஏறத்தாழ ஆயிரத்திலிருந்து மூவாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்று இதைச் சொல்வார்கள். இந்தியாவில் ஆயிரத்தை ஒட்டியே வருகிறது. பிறந்தவுடன் குழந்தையைப் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. தெரியவரும்போது மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டிருக்கும். இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கத் தொடங்கினால் குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும்.

தைராய்டு சோம்பினால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி "வேலை செய்" என்று விரட்டும். அந்த விரட்டல்தான் டிஎஸ்ஹெச். தைராய்டு எவ்வளவு மந்தமோ அவ்வளவு டிஎஸ்ஹெச் ஏறும். எனவே காய்ந்த ரத்தப் பொட்டில் டிஎஸ்ஹெச் அளந்து, ஓர் எல்லை எண்ணைத் தாண்டியவர்களைத் திரும்ப அழைக்கிறார்கள். இந்தியக் குழந்தைநல மருத்துவர்களின் வழிகாட்டுதலில் அந்த எல்லை, ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய தெளிந்த நீரான சீரத்தின் கணக்கில் லிட்டருக்கு 20 மில்லி யூனிட்.

இப்போது ஒரு சோதனை எவ்வளவு நல்லது என்பதைச் சொல்லும் இரண்டு சொற்களுக்கு வருவோம். நோயுள்ள நூறு குழந்தைகளில் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறதோ அது சென்சிட்டிவிட்டி. தமிழில் உணர்திறன் என்று எழுதுவார்கள். நோயில்லாத நூறு குழந்தைகளில் எத்தனை பேரைச் சரியாக "இல்லை" என்று விடுகிறதோ அது ஸ்பெசிஃபிசிட்டி. இதற்குத் தனித்தன்மை என்றொரு தமிழாக்கம் உண்டு. அதைக் கேட்டு ஒருவருக்கும் எதுவும் புரியாது என்பதால் ஸ்பெசிஃபிசிட்டி என்றே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு எண்களும் இரண்டு வேறு கூட்டத்தைப் பற்றியவை. உணர்திறன் கணக்கிடும்போது நோயுள்ளவர்களை மட்டும்தான் பார்க்கிறோம். ஸ்பெசிஃபிசிட்டியில் நோயில்லாதவர்களை மட்டும்தான். ஃபோன் வந்த தாய் கேட்பதோ மூன்றாவது கேள்வி: "சோதனையில் கூடுதல்னு வந்துடுச்சு. என் குழந்தைக்கு நோய் இருக்கா?" இதற்கான விடை அந்த இரண்டு எண்களிலும் இல்லை. நோய் எவ்வளவு அபூர்வம் என்ற எண்ணையும் சேர்த்தால்தான் கிடைக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கையில் அடங்கும்படி முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு லட்சம் குழந்தைகள். ஆயிரத்தில் ஒருவர் என்றால் நோயுள்ளவர்கள் 100 பேர், இல்லாதவர்கள் 99,900 பேர். சோதனையின் உணர்திறன் 95 விழுக்காடு, ஸ்பெசிஃபிசிட்டி 99 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்.

நோயுள்ள 100 பேரில் 95 பேர் பிடிபடுகிறார்கள், 5 பேர் தப்பிவிடுகிறார்கள். நோயில்லாத 99,900 பேரில் 99 விழுக்காட்டினர், அதாவது 98,901 பேர், சரியாக விடுபடுகிறார்கள். மீதி ஒரு விழுக்காடு 999 பேர். இவர்கள்தான் பொய் எச்சரிக்கை.

ஆக ஃபோன் போவது 95-உம் 999-உம் சேர்த்து 1,094 வீடுகளுக்கு. அதில் உண்மையில் நோயுள்ள வீடு 95. நூற்றுக்கு ஒன்பதுகூட இல்லை. பிடிபடும் ஒவ்வொரு குழந்தைக்கும் பத்துப் பதினொரு குழந்தைகள் வீணாக அலைகிறார்கள்.

"99 விழுக்காடு சரியான சோதனை, அதில் பாசிட்டிவ், அப்படியானால் 99 விழுக்காடு நோய்" என்று மனம் தாவுவது இங்கேதான் சறுக்குகிறது. அந்த 99 விழுக்காடு, ஆரோக்கியமான பெருங்கூட்டத்தின் மேல் போட்ட கணக்கு. கூட்டம் மிகப் பெரிதாக இருந்தால் அதில் ஒரு விழுக்காடு என்பதே நோயாளிகளின் மொத்த எண்ணிக்கையை மூழ்கடித்துவிடும். வைக்கோற்போரில் ஊசி தேடும்போது, ஊசி மாதிரி மின்னும் வைக்கோலே ஊசிகளைவிட அதிகமாகக் கைக்கு வரும்.

ஸ்பெசிஃபிசிட்டி 99-லிருந்து 99.8 ஆனால் என்ன ஆகும்? கேட்பதற்கு ஒன்றுமில்லாத உயர்வு. ஆனால் பொய் எச்சரிக்கை 999-லிருந்து சுமார் 200-க்கு விழுகிறது. அழைக்கப்படும் 295 பேரில் 95 பேருக்கு நோய் இருக்கும், மூன்றில் ஒருவர். அபூர்வ நோய்களைத் தேடும் சோதனைகளில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்துக்காக ஆய்வகங்கள் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

சோதனைக் கிட்டின் பெட்டியில் ஸ்பெசிஃபிசிட்டி என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதை அந்தக் கருவியின் குணம் போல நினைத்துவிடுகிறோம். உண்மையில் ரத்தம் எடுக்கும் நேரமும் அந்த எண்ணை மாற்றும். கருப்பையின் வெதுவெதுப்பிலிருந்து வெளிக்காற்றின் குளிருக்கு வந்ததும் எல்லாக் குழந்தைக்கும் டிஎஸ்ஹெச் எகிறும். பிறந்த அரை மணி நேரத்தில் அது 60, 80 வரை போகும். இருபத்து நான்கு மணி நேரத்தில் 20-ஐ ஒட்டி இறங்கி, பின் மெதுவாகக் குறைந்து ஒரு வாரத்தில் பத்துக்குக் கீழ் வரும். எனவே பன்னிரண்டாம் மணியில் குத்தினால் எல்லை தாண்டும் அதே குழந்தை, மூன்றாம் நாள் குத்தினால் சத்தமில்லாமல் தேறிவிடும். குழந்தையும் அதே, கிட்டும் அதே.

சுகப்பிரசவம் ஆனவர்கள் மறுநாளே வீட்டுக்குக் கிளம்பும் மருத்துவமனையில், போகிற அவசரத்தில் குதிகாலைக் குத்துகிறார்கள் என்று வையுங்கள். அதனால் ஸ்பெசிஃபிசிட்டி 95-க்கு இறங்கினால் பொய் எச்சரிக்கை 4,995. அழைக்கப்படும் 54 பேரில் ஒருவருக்குத்தான் நோய். இந்த நிலையில் ஃபோன் செய்யும் ஊழியரே "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காதுங்க" என்று சொல்லத் தொடங்குவார். பெற்றோரும் வராமல் விடுவார்கள். வராதவர்களில் அந்த ஒருவரும் இருக்கலாம். பொய் எச்சரிக்கை மிகும்போது உண்மையான எச்சரிக்கையும் இப்படித்தான் வீணாகிறது. இதற்காகத்தான் 24 முதல் 48 மணிக்குள் எடுத்த ரத்தத்துக்கு எல்லையை 34 என்று தனியாக வைத்திருக்கிறார்கள். 48 மணிக்குப் பிறகு எடுப்பதே நல்லது என்றும் சொல்கிறார்கள்.

நேரம் சரியாக இருந்தும் எண் ஏறுவதற்கு வேறு வழிகளும் உண்டு. பிரசவத்தின்போதோ தொப்புளைத் துடைக்கவோ அயோடின் கலந்த கிருமிநாசினியைத் தாராளமாகப் பூசினால், அது தோல் வழியே உள்ளே போய்க் குழந்தையின் தைராய்டைச் சில நாள் முடக்கும். ஒரே வட்டத்தில் சொட்டின் மேல் சொட்டு விட்டால் அங்கே ரத்தம் அடர்த்தியாகி அளவு கூடித் தெரியும். சொட்டு போதாமல் வட்டம் பாதியாக நனைந்தால் குறைத்துக் காட்டும். இது பொய் எச்சரிக்கையைவிட ஆபத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த பெரிய சொட்டை ஒரே தொடலில் தாள் உறிஞ்சும்படி விட வேண்டும். பிறகு தாளைப் படுக்கை வாட்டில், வெயிலும் ஃபேன் காற்றும் நேரே படாமல், மூன்று நான்கு மணி நேரம் காயவிட வேண்டும். இன்னொரு பொறி அலகு. சில ஆய்வகங்கள் முழு ரத்தக் கணக்கில் எழுதுகின்றன. அதைச் சீரம் கணக்குக்கு மாற்ற ஏறக்குறைய இரண்டால் பெருக்க வேண்டும். முழு ரத்தத்தில் 12 என்றிருப்பதைப் பார்த்து "இருபதுக்குக் கீழேதானே" என்று விட்டால், திரும்ப அழைத்திருக்க வேண்டிய குழந்தை போய்விடும்.

சரி, எல்லையை 20-லிருந்து 40-க்கு ஏற்றிவிட்டால் பொய் எச்சரிக்கை தீராதா? பெரும்பாலும் தீரும். கூடவே உணர்திறனும் விழும். சுரப்பி அரைகுறையாக வேலை செய்யும் குழந்தைகளின் டிஎஸ்ஹெச் 25, 30 என்றுதான் நிற்கும்; அவர்கள் தப்பிவிடுவார்கள். எல்லைக்கோட்டை எங்கே நகர்த்தினாலும் ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறும். பொய் எச்சரிக்கையின் விலை இன்னொரு ரத்தச் சோதனையும் சில நாள் கலக்கமும். தப்பவிட்டதன் விலை திரும்ப வராத மூளை வளர்ச்சி. ஆகவே கோட்டைத் தாழ்வாக வைப்பதுதான் நியாயம் என்பது என் கருத்தும்கூட. ஆனால் அந்தக் கலக்கத்துக்கு விலையே இல்லை என்பது போல், விளக்கம் சொல்லாமல் ஃபோனை வைத்துவிடுவது நியாயமில்லை.

பொய் எச்சரிக்கையைச் சலித்து எடுக்கும் வேலை இரண்டாம் சோதனையுடையது. எண் 40-க்கு மேல் என்றால் உடனே நரம்பில் ரத்தம் எடுத்து டிஎஸ்ஹெச்-உம், தைராய்டு சுரக்கும் தைராக்சின் ஹார்மோனான டி4-உம் பார்ப்பார்கள். இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவே என்றால் ஏழு முதல் பத்து நாள் ஆனபின் மீண்டும் குதிகால் சோதனை. நம் கணக்கில் முதல் சுற்றில் நின்ற 1,094 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது நோய் ஆயிரத்தில் ஒன்று அல்ல, பன்னிரண்டில் ஒன்று. இவர்களுக்கு உணர்திறனும் ஸ்பெசிஃபிசிட்டியும் தலா 99 உள்ள சோதனையைச் செய்தால், 95-இல் 94 பேர் பிடிபடுவார்கள். 999-இல் 10 பேர்தான் தவறாக மாட்டுவார்கள். அதே 99 விழுக்காடுதான், ஆனால் இப்போது பாசிட்டிவ் வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு உண்மையாகவே நோய்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் சோதனையை ஏமாற்றிய காரணம் இரண்டாவதையும் ஏமாற்றக் கூடாது. அயோடின் பூச்சு தொடர்ந்துகொண்டே இருந்தால் இரண்டாம் சோதனையும் எகிறித்தான் காட்டும். 999 பத்தாகச் சுருங்காது.

மறுபக்கம் தப்பிய ஐந்து பேர். நெகட்டிவ் வந்த 98,906 பேரில் ஐந்து என்பது இருபதாயிரத்தில் ஒன்று. பெற்றோர் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் இந்த ஐந்தில் சிலர் தற்செயலாகத் தப்புகிறவர்கள் அல்ல. கோளாறு தைராய்டில் இல்லாமல் பிட்யூட்டரியில் இருந்தால் விரட்டவே ஆளில்லை, டிஎஸ்ஹெச் ஏறாது. அந்த வகை நோயை டிஎஸ்ஹெச் மட்டும் பார்க்கும் சோதனையால், எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், பிடிக்க முடியாது. குறைமாதக் குழந்தைகளுக்கு டிஎஸ்ஹெச் தாமதமாக ஏறும். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்த இரட்டையரில் ஆரோக்கியமான குழந்தையின் ஹார்மோன், பிறக்கும் முன்பே மற்றதன் ரத்தத்தில் கலந்து குறையைச் சில நாள் மறைத்துவிடும். இவர்களுக்கு முதல் முடிவு நன்றாகவே இருந்தாலும் சில வாரங்களில் மறுபடி எடுக்கிறார்கள். மற்றபடி எந்தக் குழந்தைக்கும் விடாத மலச்சிக்கல், கரகரத்த அழுகை, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருப்பது, நாள்பட்ட மஞ்சள் காமாலை, பிதுங்கிய தொப்புள் என்று தெரிந்தால், பிறந்தபோது எடுத்த ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு டிஎஸ்ஹெச்சோடு டி4-ஐயும் சேர்த்துப் புதிதாகப் பார்க்க வேண்டும்.