வீட்டில் சென்ட் கலக்குபவர்கள் கவனிக்க: ஆல்கஹாலும் கடைசியில் சேரும் தண்ணீரும்

ஓ டி டாய்லெட் என்னும் லேசான சென்ட்டைக் கலக்க நினைப்பவர்கள் வாசனை எண்ணெயைத் தேடித் தேடி வாங்குவார்கள். ஆல்கஹாலை மட்டும் கிடைத்த இடத்தில் வாங்கிவிடுவார்கள். பாட்டிலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இருப்பது அதுதான். பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹால் என்று விற்கப்படும் 95 சதவீத எத்தனால்தான் வேண்டும். பெயின்ட் கடை ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கலாம். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும் நஞ்சு. சானிடைசரும் ஆகாது. அதில் தண்ணீர் அதிகம், பலவற்றில் கிளிசரினும் உண்டு.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கண்ணாடிக் குப்பியில் ஒரு டீஸ்பூன் ஆல்கஹால் எடுத்து, ஐந்து சொட்டு எண்ணெய் விட்டுக் குலுக்குங்கள். பத்து நிமிடத்தில் அடியில் முத்து முத்தாகத் தங்கினாலோ, கலங்கலாகவே நின்றாலோ, அந்த வாசனை எண்ணெயில் தேங்காய் எண்ணெயோ லிக்விட் பாரஃபினோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை எத்தனை வாரம் வைத்தாலும் கரையாது.

தெளிவாகக் கரைந்தால் எடை போடலாம். ஏறக்குறைய 60 மில்லிக்கு எண்ணெய் 5 கிராம், ஆல்கஹால் 42.5 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 2.5 கிராம். மில்லியில் அளக்காதீர்கள், ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, கணக்கு பிசகும். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு போதும். எண்ணெயை எவ்வளவு சேர்ப்பது பாதுகாப்பு என்று சொல்லும் இஃப்ரா சான்றிதழ் அதோடு வரும். அதில் நான்காம் வகைக்கான, அதாவது உடம்பில் அடிக்கும் சென்ட்டுக்கான, வரம்பைப் பாருங்கள். அங்கே 6 சதவீதம் என்றிருந்தால் 50 கிராமில் 5 கிராம் என்ற நம்முடைய 10 சதவீதம் தோலுக்கு அதிகம். எண்ணெயை 3 கிராமாகக் குறைத்து, மீதி 2 கிராமுக்கு ஆல்கஹால் சேர்க்க வேண்டும். கலக்கும் இடத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. எத்தனால் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும்.

எண்ணெயையும் ஆல்கஹாலையும் மட்டும் கலந்து, கழுத்து வரை நிரம்பும் அடர்நிறக் கண்ணாடி பாட்டிலில் மூடி, வெயில் படாத அலமாரியில் நான்கு வாரம் வையுங்கள். பாதி காலிப் பாட்டிலில் காற்று இருக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்கள் அதில் ஆக்சிஜனேற்றமடைந்து வாசனை கெடும், தோலிலும் அரிப்பைக் கிளப்பும். முதல் நாள் ஸ்பிரிட் நெடிதான் முன்னால் நிற்கும். எண்ணெயில் உள்ள ஆல்டிஹைடுகள் என்னும் கூர்மையான வாசனைப் பொருள்கள் ஆல்கஹாலோடு மெல்ல வினைபுரிந்து கூர்மை தணிய நாள் பிடிக்கும். வெனிலா வாசனை தரும் வெனிலின் உள்ள கலவை பழுப்பாவது இயல்பு. கெட்டுப்போனதாக எண்ணிக் கொட்ட வேண்டாம்.

தண்ணீர் அதற்குப் பிறகுதான், அதுவும் சொட்டுச் சொட்டாக. ஆல்கஹாலின் வலு குறையக் குறைய எண்ணெயைப் பிடித்து வைக்கும் திறனும் குறையும். சிட்ரஸ் எண்ணெய்களில் உள்ள டெர்பீன்கள்தான் முதலில் பிரிந்து பால்போல் வெளுக்கும். வெளுப்பு தெரிந்ததும் தண்ணீரை நிறுத்தி, தெளியும் வரை ஆல்கஹாலைக் கிராம் கிராமாகச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தண்ணீரே சேர்க்காவிட்டாலும் குறையில்லை. பிறகு இறுக மூடி இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்து, குளிர்ச்சி போவதற்குள் காபி ஃபில்டர் தாளில் வடிகட்டுங்கள். அறை வெப்பம் ஏறிவிட்டால் குளிரில் எண்ணெயிலிருந்து பிரிந்த மெழுகு மறுபடி கரைந்து தாளைத் தாண்டிவிடும்.

முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பார்த்த பிறகே உடம்பில் அடிக்கலாம். பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய் அல்லது பெர்கமோட் என்னும் சிட்ரஸ் பழத்தின் எண்ணெய் சேர்ந்திருந்தால், அடித்த இடத்தில் வெயில் படக் கூடாது. தோல் கொப்பளித்துக் கறுத்துப்போகும். அப்படிப்பட்ட கலவையைச் சட்டைக்கு மட்டும் அடியுங்கள்.