கிரியேட்டிவ் ஃபட்டீக்: சலிப்பா, தேய்வா?

இணைய விளம்பரம் ஓட்டுகிறவர்களின் பேச்சில் அடிக்கடி வரும் சொல் 'கிரியேட்டிவ் ஃபட்டீக்'. ஒரே படத்தையோ வீடியோவையோ அதே கூட்டத்துக்குத் திரும்பத் திரும்பக் காட்டினால் கிளிக் குறையும், ஒரு கிளிக்குக்கு ஆகும் செலவு ஏறும். இதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இங்கே 'கிரியேட்டிவ்' என்பது பண்புச் சொல் அல்ல. பார்வையாளர் கண்ணில் படும் படம், வாசகம், வீடியோ எல்லாம் சேர்ந்த பொருளுக்கு அந்தத் தொழிலில் வழங்கும் பெயர். தமிழில் 'விளம்பர ஆக்கம்' என்று சொல்லலாம்.

'ஃபட்டீக்' லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதற்பொருள் களைப்பு. 19-ஆம் நூற்றாண்டில் பொறியாளர்கள் அதை உலோகத்துக்கும் சொல்லத் தொடங்கினார்கள். ஃபிரெடெரிக் பிரெய்த்வெயிட் 1854-இல் லண்டனில் படித்த கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஒருமுறை தாங்கக்கூடிய சிறு சுமையே பல்லாயிரம் முறை விழுந்தால் இரும்பில் விரிசல் விடும் என்பதுதான் விஷயம். விளம்பரத்துக்கு இந்த ஒப்புமை பாதிதான் பொருந்துகிறது. திரும்பத் திரும்ப நடப்பதால் வரும் கேடு என்பது சரி. ஆனால் உலோகம் ஒரு நாள் படக்கென்று உடைகிறது, விளம்பரம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. விளம்பர ஆய்வில் இதற்கு முன்பிருந்தே புழங்கும் இன்னொரு சொல் 'வேர் அவுட்', அதாவது தேய்ந்துபோதல். நடப்பதை அது இன்னும் சரியாகக் காட்டுகிறது.

இன்னொரு குழப்பம், களைத்தது யார் என்பது. ஆக்கம் களைக்கவில்லை, பார்க்கிறவருக்குத்தான் அலுத்துவிட்டது. 'விளம்பரக் களைப்பு' என்ற நேர் மொழிபெயர்ப்பு அதனால்தான் எனக்கு ஒட்டவில்லை. 'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' என்று சொல்கிற மொழி நம்முடையது. அந்த நிலைக்கு 'சலிப்பு' நம்மிடம் தயாராகவே இருக்கிறது. ஆக, பார்வையாளர் மனநிலைக்கு 'விளம்பரச் சலிப்பு', கணக்கில் தெரியும் இறக்கத்துக்கு 'தேய்வு' என்று இரண்டு சொற்கள் வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று காரணம், மற்றது அளவு. ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் தப்பான முடிவுகள் வருகின்றன. அது எப்படி என்று கீழே பார்ப்போம்.

முதலில் தேய்வு. விளம்பரம் ஒருமுறை ஒருவர் திரையில் வருவது ஒரு காட்சி. பல விளம்பரத் தளங்களில் பணம் போவது ஆயிரம் காட்சிகளுக்கு இவ்வளவு என்ற கணக்கில். காட்சியின் விலை மாறாமல் இருந்து, நூறு காட்சிகளுக்கு விழும் கிளிக் எண்ணிக்கை, அதாவது கிளிக் விகிதம், குறைந்தால், ஒரு கிளிக்கின் விலை தானாகவே ஏறும். அப்படியானால் எந்த நாளில் ஆக்கத்தை மாற்றுவது? 'கிளிக் விகிதம் பாதியானதும் மாற்று', 'மாதம் ஒருமுறை மாற்று' போன்ற பொது விதிகள் எல்லாரிடமும் இருக்கின்றன. புதிய ஆக்கம் செய்ய என்ன செலவு என்பதை அவை கேட்பதே இல்லை. அதைக் கேட்காமல் விடை வராது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பணத்தை வெறும் அலகாக வைத்துக்கொள்வோம். தினம் 50,000 காட்சிகள், ஆயிரம் காட்சிக்கு 200 அலகு. ஆக நாள் செலவு 10,000. முதல் நாள் கிளிக் விகிதம் 1 சதவீதம், அதாவது 500 கிளிக், ஒரு கிளிக் 20 அலகு. அப்புறம் நாளுக்கு 10 கிளிக் குறைந்துகொண்டே வருகிறது. புதிய ஆக்கமாக இருந்திருந்தால் அந்தக் கிளிக்குகள் ஒவ்வொன்றும் 20 அலகுக்குக் கிடைத்திருக்கும். எனவே இரண்டாம் நாள் இழப்பு 200, மூன்றாம் நாள் 400 என்று ஏறுகிறது. புதிய ஆக்கம் தயாரிக்க 6,400 அலகு ஆகிறது.

நாலு நாளைக்கு ஒருமுறை மாற்றினால் தயாரிப்புச் செலவு நாளொன்றுக்கு 1,600, தேய்வால் வரும் இழப்பு சராசரியாக 300. மொத்தம் 1,900. பதினாறு நாள் விட்டுவைத்தால் தயாரிப்பு 400 ஆகிவிடும், ஆனால் இழப்பு 1,500 ஆகிறது. மறுபடியும் 1,900. அவசரமும் சோம்பலும் ஒரே விலை! எட்டு நாளில் மாற்றினால் 800-ம் 700-ம் சேர்ந்து 1,500. இதுதான் மிகக் குறைவு. தேய்வு ஒரே சீராக இருக்கும்போது இந்த நாளைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு:

```
நாட்கள் = √(2 × தயாரிப்புச் செலவு ÷ நாளுக்கு நாள் கூடும் இழப்பு)
        = √(2 × 6400 ÷ 200) = 8
```

எட்டாம் நாள் கிளிக் விகிதம் 0.86 சதவீதம், அதாவது 14 சதவீத இறக்கம்தான். பாதியாகட்டும் என்று காத்திருப்பவர் 26-ஆம் நாள் வரை இழந்துகொண்டே இருப்பார். அதே சமயம் ஆக்கச் செலவு நாலு மடங்கானால் இடைவெளி இரட்டிப்பாகிப் பதினாறு நாளாகும். தேய்வு சீராக இல்லாவிட்டால் சூத்திரத்தை விட்டுவிட்டு இப்படிப் பார்க்கலாம்: தயாரிப்புச் செலவையும் இதுவரையான இழப்பையும் கூட்டி, ஓடிய நாட்களால் வகுக்க வேண்டும். நாளைய இழப்பு அந்தச் சராசரியைத் தாண்டும் என்றால் இன்றோடு மாற்றிவிட வேண்டும். மேலே உள்ள கணக்கில் எட்டு நாள் சராசரி 1,500, ஒன்பதாம் நாள் இழப்பு 1,600. ஆனால் ஒரு நாள் முன்பின் ஆனால் பதற வேண்டாம். ஏழு நாளில் 1,514, பத்து நாளில் 1,540 என்று வித்தியாசம் சொற்பம்தான்.

சரி, அந்த '10 கிளிக்' தேய்வை எப்படி அளப்பது? இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். நாளுக்கு 500 கிளிக் வரும் இடத்தில் 20, 25 கிளிக் மேலும் கீழும் ஆடுவது வெறும் தற்செயல். இரண்டு நாள் இறக்கத்தைப் பார்த்துத் தேய்வு என்று சொல்ல முடியாது. ஐந்தாறு நாள் எண்களை வரைந்து அவற்றின் சாய்வைப் பார்த்தால்தான் ஏதோ தெரியும். வார இறுதி ஏற்ற இறக்கம் இருந்தால் முந்தைய ஆக்கத்தின் அதே கிழமைகளோடு ஒப்பிட வேண்டும். காட்சியின் விலையையும் தனியாகப் பார்க்க வேண்டும். கிளிக் விகிதம் அப்படியே இருந்து கிளிக் செலவு மட்டும் ஏறினால், விளம்பர இடத்துக்குத் தளம் நடத்தும் ஏலத்தில் போட்டி கூடியிருக்கலாம். ஆக்கத்தின் மேல் தவறில்லை.

தேய்வு உறுதியான பிறகும் அதற்குக் காரணம் சலிப்புதானா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. முதல் முறை பார்க்கிறவர்களின் கிளிக் விகிதத்தையும், மூன்று நாலு முறை பார்த்தவர்களின் கிளிக் விகிதத்தையும் பிரித்துப் பாருங்கள். முதல் முறைக்காரர்களிடம் விகிதம் நிலையாக இருந்து, மற்றவர்களிடம் மட்டும் விழுந்தால் அது சலிப்பு. புதிய ஆக்கம் உதவும். முதல் முறைக்காரர்களிடமும் விழுந்தால் வேறு கதை. கிளிக் செய்ய வாய்ப்புள்ளவர்களுக்குத் தளம் முதலில் காட்டி முடித்துவிட்டு, ஆர்வம் குறைந்தவர்களிடம் போயிருக்கலாம். அங்கே ஆக்கத்தை மாற்றி 6,400 அலகு செலவழிப்பதைவிடப் பார்வையாளர் வட்டத்தை விரிப்பது பலன் தரும். காரணம் தெரியும்வரை அறிக்கையில் 'தேய்வு' என்று மட்டும் எழுதுவதே நேர்மை.

சலிப்புதான் என்று தெரிந்து நிறுத்திய ஆக்கத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இந்த இடத்தில் உலோக ஒப்புமை முற்றிலும் விலகிவிடுகிறது: விரிசல் விட்ட இரும்பு ஓய்வு கொடுத்தாலும் தேறாது, ஆக்கத்துக்கு இடைவெளி விட்டால் பார்த்தவர்கள் மறக்கிறார்கள், வட்டத்துக்குப் புதியவர்களும் வருகிறார்கள். சில மாதம் கழித்து மறுபடி ஓட்டும்போது தயாரிப்புச் செலவு ஏறக்குறைய இல்லை. அதே சூத்திரத்தின்படி, அதைக் குறுகிய நாட்களுக்கு ஓட்டிவிட்டு மாற்றினாலும் கட்டுப்படியாகும்.