லிங்க்டு லிஸ்ட்டில் சுழல்: ஸ்லோவும் ஃபாஸ்ட்டும் ஏன் அந்த இடத்தில் சந்திக்கின்றன?

இன்டர்வியூவில் லிங்க்டு லிஸ்ட் சுழல் கேள்வி பெரும்பாலும் இரண்டு கட்டமாக வரும். "இந்த லிஸ்ட்டில் சுழல் இருக்கிறதா?" என்பது முதல் கட்டம். இதற்கான கோடு ஏழெட்டு வரிதான், பயிற்சி செய்து வந்த எவரும் எழுதிவிடுவார்கள். "சரி, சுழல் எந்த நோடில் தொடங்குகிறது?" என்பது அடுத்த கட்டம். இதற்கும் கோடு சின்னதுதான். ஆனால் எழுதி முடித்த பிறகு "இது ஏன் சரியாக வருகிறது?" என்று கேட்டால்தான் பலர் தடுமாறுகிறார்கள். இந்த இரண்டு கட்டத்துக்கும், அதற்குப் பின் வரும் குறுக்குக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு சின்னக் கணக்கு. அது கைவசம் இருந்தால் எந்த வரியையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

லிங்க்டு லிஸ்ட்டின் ஒவ்வொரு நோடிலும் ஒரு மதிப்பும், அடுத்த நோடைக் காட்டும் `next` என்ற பாயின்டரும் இருக்கும். கடைசி நோடின் `next` வெறுமையாக, அதாவது `None` ஆக இருக்க வேண்டும். அது தவறுதலாக முன்னால் உள்ள ஏதோ ஒரு நோடைக் காட்டிவிட்டால், லிஸ்ட்டின் வழியே நடப்பவருக்கு முடிவே வராது. ஒரு நோடிலிருந்து வெளியே போக ஒரே வழிதான் என்பதால், சுழலுக்குள் நுழைந்தபின் வெளியேறவும் முடியாது. படமாக வரைந்தால் 9 என்ற எண்ணைப் போல இருக்கும்: ஒரு வால், அதன் முனையில் ஒரு வளையம்.

பார்த்த நோடுகளை எல்லாம் ஒரு செட்டில் போட்டுக்கொண்டே போய், ஏற்கெனவே உள்ள நோடு மறுபடி வந்தால் சுழல் என்று சொல்லிவிடலாம். இது சரியான விடைதான், இன்டர்வியூவில் முதலில் இதையே சொல்லலாம். சுழல் தொடங்கும் நோடும் இதில் தானாகவே கிடைத்துவிடும். ஆனால் பத்து லட்சம் நோடு இருந்தால் செட்டிலும் பத்து லட்சம் முகவரி சேரும். "கூடுதல் மெமரி இல்லாமல் முடியுமா?" என்று அடுத்து கேட்பார்கள். அங்கேதான் ஸ்லோ, ஃபாஸ்ட் என்ற இரண்டு பாயின்டர்கள் வருகின்றன. ஆமை-முயல் முறை என்றும் இதைச் சொல்வார்கள். டொனால்டு க்னூத் 1969இல் வெளியிட்ட தன் நூலில் இதை ராபர்ட் ஃப்ளாய்டின் முறை என்று குறித்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

```python
def has_cycle(head):
    slow = fast = head
    while fast and fast.next:
        slow = slow.next
        fast = fast.next.next
        if slow is fast:
            return True
    return False
```

இரண்டும் ஹெட்டிலிருந்து கிளம்புகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஸ்லோ ஒரு அடி, ஃபாஸ்ட் இரண்டு அடி. சுழல் இல்லாத லிஸ்ட்டில் ஃபாஸ்ட் முனையைத் தொட்டுவிடும். நோடுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் `fast` தானே `None` ஆகும், ஒற்றைப்படை என்றால் கடைசி நோடில் நின்று `fast.next` மட்டும் `None` ஆகும். `while` வரியில் இரண்டையும் சோதிப்பது அதனால்தான். ஒப்பிடும் வரி, நகர்ந்த பிறகு வர வேண்டும். அதை முன்னால் வைத்தால் இரண்டும் ஹெட்டிலேயே ஒன்றாக இருப்பதால், இரண்டு நோடாவது உள்ள எந்த லிஸ்ட்டைக் கொடுத்தாலும் சுழல் இருக்கிறது என்று சொல்லிவிடும். ஒப்பிடுவதும் நோடைத்தான், மதிப்பை அல்ல. 7 என்ற மதிப்புள்ள இரண்டு தனித்தனி நோடுகள் இருந்தால் அது சுழல் ஆகிவிடாது.

இப்போது ஒரு லிஸ்ட்டை எடுத்து நடந்து பார்ப்போம். 0 முதல் 7 வரை எட்டு நோடுகள், 7ஆம் நோடின் `next` மறுபடி 3ஆம் நோடைக் காட்டுகிறது. அதாவது வாலில் 0, 1, 2 என்று மூன்று நோடுகள். வளையத்தில் 3, 4, 5, 6, 7 என்று ஐந்து.

```
சுற்று   slow   fast
0        0      0
1        1      2
2        2      4
3        3      6
4        4      3
5        5      5
```

நான்காம் சுற்றில் ஃபாஸ்ட் 6லிருந்து 7, அங்கிருந்து 3 என்று திரும்பி வந்துவிட்டது. ஐந்தாம் சுற்றில் இரண்டும் 5ஆம் நோடில் நிற்கின்றன.

ஃபாஸ்ட் இரண்டிரண்டாகத் தாவும்போது ஸ்லோவைத் தாண்டிக் குதித்துப் போய்விடாதா என்ற சந்தேகம் வரும். ஸ்லோ வளையத்துக்குள் வந்த மூன்றாம் சுற்றைப் பாருங்கள். ஃபாஸ்ட் 6இல் இருக்கிறது, ஸ்லோ 3இல். 6லிருந்து முன்னோக்கி நடந்தால் 7, 3 என்று இரண்டு அடியில் ஸ்லோவைப் பிடிக்கலாம். அடுத்த சுற்றில் அந்த இடைவெளி ஒன்று, அதற்கு அடுத்ததில் பூஜ்யம். ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி சரியாக ஒன்றுதான் குறைகிறது. ஒவ்வொன்றாகக் குறையும் எண் பூஜ்யத்தைத் தாண்டிப் போக முடியாது. தொடக்கத்தில் அந்த இடைவெளி வளையத்தின் நீளத்தைவிடக் குறைவு என்பதால், ஸ்லோ உள்ளே வந்தபின் ஒரு முழு வட்டத்தைத் தாண்டுவதற்கு முன்பே பிடிபட்டுவிடும். ஆகவே n நோடுகள் உள்ள லிஸ்ட்டில் ஸ்லோ எடுக்கும் அடிகள் எப்போதும் n-ஐத் தாண்டாது. நேரம் O(n), கூடுதல் மெமரி O(1).

முதல் கட்டம் இவ்வளவுதான். இனி அந்தக் கணக்கு.

t சுற்றுக்குப் பிறகு சந்தித்தால், ஸ்லோ t அடி நடந்திருக்கிறது, ஃபாஸ்ட் 2t அடி. ஃபாஸ்ட் கூடுதலாக நடந்தது t அடி. கூடுதலாக நடந்தும் இரண்டும் ஒரே நோடில் நிற்கின்றன என்றால், அந்தக் கூடுதல் t முழுவதும் வளையத்தை முழு வட்டங்களாகச் சுற்றியதுதான். ஆகவே t என்பது வளைய நீளத்தின் மடங்கு. நம் லிஸ்ட்டில் t = 5, வளையமும் 5. வாலின் நீளம் எவ்வளவு என்ற தகவலே இதற்குத் தேவைப்படவில்லை.

இப்போது சுழலின் தொடக்க நோடைக் கண்டுபிடிக்கலாம். ஸ்லோவை அது நிற்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, `p` என்ற புதுப் பாயின்டரை ஹெட்டில் வைத்து, இரண்டையும் ஒவ்வொரு அடியாக நகர்த்த வேண்டும்.

```python
p = head
while p is not slow:
    p = p.next
    slow = slow.next
return p
```

வாலின் நீளம் m என்று வைத்துக்கொண்டால், m அடியில் `p` சுழலின் வாசலுக்கு வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஸ்லோ ஹெட்டிலிருந்து மொத்தம் t + m அடி நடந்திருக்கும். t முழு வட்டங்கள் என்பதால், m அடி நடந்து வாசலை அடைந்து, அங்கிருந்து சில முழு வட்டங்கள் சுற்றி மறுபடி வாசலிலேயே நிற்பதற்கு அது சமம். ஆகவே இரண்டும் வாசலில் சந்திக்கின்றன. அதற்கு முன் சந்திக்க வழியில்லை, ஏனென்றால் `p` வாலிலேயே இருக்கிறது, ஸ்லோ வளையத்தை விட்டு வெளியே வரவே இல்லை. நம் லிஸ்ட்டில் `p` 0, 1, 2, 3 என்று வர, ஸ்லோ 5, 6, 7, 3 என்று வருகிறது. விடை 3. வாலே இல்லாத லிஸ்ட்டில் முதல் சந்திப்பே ஹெட்டில்தான் நடக்கும். இந்த லூப் ஒரு முறைகூட ஓடாமல் ஹெட்டைத் திருப்பித் தரும், அதுவும் சரியான விடையே.

இதே கணக்கை வைத்து, அடிக்கடி பார்க்கும் ஒரு பிழையையும் புரிந்துகொள்ளலாம். சிலர் `slow = head`, `fast = head.next` என்று தொடங்குவார்கள். சுழல் இருக்கிறதா என்ற கேள்விக்கு அது சரியாகவே விடை தரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டாம் கட்டத்தை அதன்மேல் எழுதும்போதுதான் சிக்கல். இப்போது ஃபாஸ்ட் இருக்கும் தூரம் 2t + 1, வித்தியாசம் t + 1. ஆகவே வளைய நீளத்தின் மடங்காக இருப்பது t அல்ல, t + 1. நம் லிஸ்ட்டில் நான்காம் சுற்றிலேயே, 4ஆம் நோடில் சந்தித்துவிடும். `p`-ஐ ஹெட்டில் வைத்து நகர்த்தினால், `p` 3க்கு வரும்போது ஸ்லோ 7இல் இருக்கும். அதன்பின் இரண்டும் ஒரே வேகத்தில் வளையத்துக்குள் ஓடுகின்றன, அந்த ஒரு அடி வித்தியாசம் என்றைக்கும் மாறாது, புரோகிராம் முடியவே முடியாது. கடைசி நோடு தன்னையே காட்டும் லிஸ்ட்டை மட்டும் வைத்து டெஸ்ட் செய்தால் இந்தப் பிழை தெரியாது, ஏனென்றால் வளைய நீளம் 1 என்றால் எந்த எண்ணும் அதன் மடங்குதான். இரண்டும் ஹெட்டிலிருந்தே கிளம்பட்டும். இல்லையென்றால் இரண்டாம் கட்டத்தை `slow.next`-இலிருந்து தொடங்க வேண்டும்.

"ஃபாஸ்ட் மூன்று அடி போனால்?" என்பது எனக்குப் பிடித்த குறுக்குக் கேள்வி. இடைவெளி இரண்டிரண்டாகக் குறையும், எனவே தாண்டிவிடலாம், சந்திக்காமலே போகலாம் என்று பலர் உடனே சொல்வார்கள். இரண்டும் ஹெட்டிலிருந்து கிளம்பினால் அப்படி நடக்காது. வித்தியாசம் 2t, t வளைய நீளத்தின் மடங்காகும்போது 2t-யும் மடங்குதான், ஆகவே சந்திப்பு நிச்சயம். `head.next`-இலிருந்து ஃபாஸ்ட் கிளம்பினால் வித்தியாசம் 2t + 1, அது எப்போதும் ஒற்றைப்படை. வளைய நீளம் இரட்டைப்படை என்றால் அவை என்றைக்கும் சந்திக்காது.

ஹெட்டிலிருந்து கிளம்பினாலும் மூன்றடி வேகத்தில் இரண்டாம் கட்டம் கெட்டுப்போகலாம். 0 முதல் 4 வரை ஐந்து நோடுகள், 4 மறுபடி 1-ஐக் காட்டுகிறது என்று வையுங்கள். வளைய நீளம் 4. முதல் சுற்றில் ஸ்லோ 1, ஃபாஸ்ட் 3. இரண்டாம் சுற்றில் ஸ்லோ 2, ஃபாஸ்ட் 4, 1 வழியாக 2. சந்தித்துவிட்டன, ஆனால் t = 2. 2t தான் 4இன் மடங்கு, t அல்ல. ஹெட்டிலிருந்து `p` கிளம்பினால் `p` 1இல் இருக்கும்போது ஸ்லோ 3இல் இருக்கும், அந்த இரண்டு அடி வித்தியாசம் அப்படியே நீடிக்கும். வேகம் இரண்டாக இருப்பதால்தான் வித்தியாசமும் ஸ்லோ நடந்த தூரமும் ஒன்றாக இருக்கின்றன. இரண்டாம் கட்டம் அதை நம்பியே நிற்கிறது.

லிங்க்டு லிஸ்ட் என்ற பேச்சே இல்லாத ஒரு கேள்வியிலும் இது வரும். n + 1 எண்கள் கொண்ட அரே, எல்லாம் 1 முதல் n வரை, ஒரே ஒரு எண் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வருகிறது. அரேயை மாற்றாமல், கூடுதல் மெமரி இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். `[1, 3, 4, 2, 2]` என்று எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு இடத்தில் உள்ள எண்ணையும் அடுத்துப் போக வேண்டிய இடமாகப் படித்தால், 0லிருந்து 1, 3, 2, 4, மறுபடி 2. வாலிலிருந்து ஒன்றும் வளையத்திலிருந்து ஒன்றுமாக இரண்டு வழிகள் 2ஆம் இடத்தில் வந்து சேர்கின்றன. அப்படிச் சேர்வதற்கு 2 என்ற எண் அரேயில் இரண்டு இடத்தில் இருந்தாக வேண்டும். சுழலின் வாசலே விடை. ஸ்லோவும் ஃபாஸ்ட்டும் நான்காம் சுற்றில் 4ஆம் இடத்தில் சந்திக்கும். அங்கிருந்தும் 0லிருந்தும் ஒவ்வொரு அடியாக வந்தால் மூன்றாம் அடியில் 2இல் சேரும். எண்கள் 1இலிருந்து தொடங்குகின்றன என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். 0 அரேயில் இல்லாததால் எதுவும் 0ஆம் இடத்துக்குத் திரும்பி வராது, நாம் கிளம்பும் இடம் கட்டாயம் வாலில்தான் இருக்கும். 0வும் வரலாம் என்றால் இந்த உறுதி போய்விடும்: `[0, 1, 1]` என்ற அரேயில் 0 தன்னையே காட்டுவதால், முறை முதல் அடியிலேயே அங்கே சுழன்று 0 என்று விடை சொல்லும், திரும்ப வரும் எண்ணோ 1.