34 சதவீதம் பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள் என்றால், நின்றது யார்?

தடா, சத்தியவேடு, ஸ்ரீசிட்டி பக்கத்துத் தொழிற்சாலைகளில் மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு வாசகம் மனப்பாடம்: "சார், பசங்க நிலைச்சு நிக்க மாட்டேங்கறாங்க." லைன் சூப்பர்வைசர் தமிழில் சொல்வார், புரொடக்‌ஷன் மேனேஜர் தெலுங்கில் சொல்வார். ஆண்டறிக்கையில் அதுவே, வேலையை விட்டவர்களின் விகிதமாக, "அட்ரிஷன் ரேட் 34%" என்று ஒரு வரியாக வந்து உட்காரும். அதைப் பார்த்ததும் நிர்வாகம் சம்பளத்தை உயர்த்தலாமா என்று யோசிக்கும். பல சமயம் அந்த முடிவு தவறாகிவிடுகிறது, காரணம் அந்த ஒற்றை எண் யார் போனார்கள் என்பதைச் சொல்வதே இல்லை.

நான் பார்த்த ஒரு ஆலையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாதபடியும் கணக்கு எளிதாகப் புரியும்படியும் எண்களைத் திருத்தியிருக்கிறேன். ஏப்ரல் 1 அன்று 400 பேர். ஆண்டுக்குள் 276 பேர் சேர்ந்தார்கள், 156 பேர் நின்றார்கள். அடுத்த மார்ச் 31 அன்று 520 பேர். தொடக்கம், முடிவு இரண்டின் சராசரி 460. 156-ஐ 460-ஆல் வகுத்தால் 33.9 சதவீதம்.

இதிலேயே ஒரு சிறு பிசகு இருக்கிறது. அந்த ஆலையில் தீபாவளிக்குப் பிறகுதான் புதிய லைன் வந்தது. அக்டோபர் வரை ஆட்கள் 400-ஐ ஒட்டியே இருந்து, கடைசி ஐந்து மாதத்தில் மளமளவென்று ஏறினார்கள். ஆண்டுத் தொடக்க எண்ணோடு ஒவ்வொரு மாதக் கடைசி எண்ணையும் சேர்த்து, பதின்மூன்று எண்களுக்கும் சராசரி எடுத்தால் 434தான் வருகிறது. விகிதம் 36 சதவீதத்தை நெருங்குகிறது. ஆள் எண்ணிக்கை ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும் ஆலையில் மாதவாரிச் சராசரியை எடுப்பதே சரி. போன ஆண்டு ஒரு முறை, இந்த ஆண்டு வேறு முறை என்று மட்டும் செய்யாதீர்கள். செய்தால் அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது.

யாரை எண்ணுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அப்ரண்டிஸ் ஒப்பந்தம் முடிந்து போகிறவர் வேலையை விட்டவர் அல்ல. அவர்களை வகுபடும் எண்ணிலும் சேர்க்க வேண்டாம், வகுக்கும் எண்ணிலும் சேர்க்க வேண்டாம். ஒன்றில் சேர்த்து இன்னொன்றில் விட்டால் கணக்கு கெட்டுப்போகும். காண்ட்ராக்ட் ஆட்களுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். சில இடங்களில் அடிக்கடி ஆள் மாறும் வேலையை காண்ட்ராக்டரிடம் தள்ளிவிட்டு, "எங்கள் அட்ரிஷன் குறைந்துவிட்டது" என்று எழுதுகிறார்கள். உண்மையில் எதுவும் குறைந்திருக்காது, அது அறிக்கையை விட்டு வெளியே போயிருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம், நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களில் சிலர் திரும்புவதில்லை. ராஜினாமா கடிதம் கிடையாது, போனை எடுக்க மாட்டார்கள். நாம் நோட்டீஸ் அனுப்பி, பதில் வராமல், மஸ்டரிலிருந்து பெயரை எடுக்கும்போது மார்ச் ஆகிவிடும். அறிக்கையில் ஜனவரி நல்ல மாதமாகவும் மார்ச் மோசமான மாதமாகவும் தெரியும். அதனால் வெளியேறிய தேதியாக, பெயர் எடுத்த நாளைப் போடாமல் கடைசியாக வேலைக்கு வந்த நாளைப் போடுங்கள். அடுத்துச் சொல்லப்போகும் கணக்கு முழுக்க இந்தத் தேதியை நம்பித்தான் இருக்கிறது.

சரி, அந்த 156 பேருக்கு வருவோம். அவர்களில் ஏப்ரல் 1-க்கு முன்பே இருந்த பழைய ஆட்கள் 36 பேர்தான். 400 பழையவர்களில் 364 பேர் அப்படியே இருக்கிறார்கள், அதாவது 91 சதவீதம். மீதி 120 பேர் அதே ஆண்டில் சேர்ந்து அதே ஆண்டில் நின்றவர்கள். அதிலும் 108 பேர் 90 நாளைக்கூடத் தாண்டவில்லை. "மூன்றில் ஒருவர் போகிறார்" என்று அறிக்கை சொன்னது. நடந்ததோ, பழைய ஆட்கள் உறுதியாக இருக்க, வாசல் பக்கத்தில் மட்டும் ஆட்கள் வந்து வந்து போனதுதான். எல்லோருக்கும் சம்பளம் உயர்த்தியிருந்தால் பெரும்பகுதி ஏற்கனவே போகாத 364 பேருக்குத்தான் போயிருக்கும்.

இங்கே இன்னொரு பொறி. 108-ஐ 276-ஆல் வகுத்து "புதியவர்களில் 39 சதவீதம் ஆரம்பத்திலேயே போகிறார்கள்" என்று எழுதத் தோன்றும். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்த 96 பேரில் பலருக்கு மார்ச் 31 அன்று 90 நாளே முடிந்திருக்காது. அவர்கள் நிற்பார்களா இருப்பார்களா என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. எனவே 90 நாள் பார்க்க அவகாசம் கிடைத்தவர்களை, அதாவது ஏப்ரல் முதல் டிசம்பர் வரை சேர்ந்தவர்களை, மட்டும் எடுக்க வேண்டும். அப்படிச் சேர்ந்தவர்கள் 180 பேர். அவர்களில் 90 நாளுக்குள் போனவர்கள் 90. ஆக, சேர்ந்தவர்களில் பாதிப் பேர். எக்செல் தாளில் C சேர்ந்த தேதி, D கடைசி வேலை நாள், E பணிபுரிந்த நாட்கள், H1, H2-இல் காலத்தின் தொடக்கமும் முடிவும் என்றால்:

```
E2: =IF(D2="","",D2-C2)
=COUNTIFS(C:C,">="&H1,C:C,"<="&H2,E:E,"<=90")
```

இனி, ஏன் போகிறார்கள்? எக்ஸிட் இன்டர்வியூ படிவத்தில் எல்லோருமே "சொந்தக் காரணம்" என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர்களில் ஒரு சாரார், முதல் சம்பளம் வாங்கியதும் போய்விடுகிறார்கள் என்றார்கள். இன்னொரு சாரார், ஷிப்ட் மாறியதும் போகிறார்கள் என்றார்கள். அங்கே முதல் இரண்டு வாரம் பகல் பயிற்சி, மூன்றாவது வாரத்திலிருந்து ஷிப்ட். எது சரி என்பதைத் தேதிகளே காட்டிவிடும். சம்பளம்தான் காரணம் என்றால் ஒவ்வொரு மாதமும் சம்பளம் போடும் 7-ஆம் தேதிக்குப் பின் ஆட்கள் கொத்தாக நிற்க வேண்டும். ஷிப்ட் காரணம் என்றால் மாதத் தேதி எதுவானாலும் சேர்ந்த மூன்றாவது, நான்காவது வாரத்தில் நிற்க வேண்டும். 90 பேரில் 61 பேர் பதினைந்தாம் நாளுக்கும் முப்பதாம் நாளுக்கும் இடையில் நின்றிருந்தார்கள். மாதத் தேதிகளோ அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடந்தன.

அடுத்து கம்பெனி பஸ் வழித்தடம் வாரியாகப் பிரித்தோம். ஊத்துக்கோட்டை வழியில் வந்த 70 புதியவர்களில் 52 பேர் போயிருந்தார்கள். ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி உள்ளிட்ட மற்ற வழிகளில் 110 பேரில் 38 பேர். (ஏழெட்டுப் பேர் மட்டும் வரும் வழித்தடங்களுக்கு நாங்கள் சதவீதம் போடவில்லை. ஒரே ஆள் போனாலும் எண் பத்துக்கு மேல் தாவிவிடும், அங்கே ஆள் எண்ணிக்கையை மட்டும் எழுதுவதுதான் நியாயம்.) நின்றவர்களில் ஒரு பையனைப் போனில் பிடித்தபோது சொன்னான்: "வேலை கஷ்டம் இல்ல சார். ராத்திரி பதினொரு மணிக்கு ஊத்துக்கோட்டைல இறக்கிவிட்டா, அதுக்கப்புறம் ஊருக்கு எப்படிப் போறது?" பத்தரைக்கு முடியும் பி ஷிப்ட்டுக்குப் பிறகு, உள்ளே இருக்கும் கிராமங்களுக்கு அந்த நேரத்தில் வண்டி கிடையாது. இந்த வார்த்தை எந்தப் படிவத்திலும் இல்லை.

அறிக்கையில் 36 சதவீதத்தை மறைக்கவில்லை, முதல் வரியிலேயே போட்டோம். அதன் கீழே மூன்று வரிகள்: பழையவர்களில் இருப்பவர்கள் 400-இல் 364, 90 நாளுக்குள் போன புதியவர்கள் 180-இல் 90, அதில் ஊத்துக்கோட்டை வழி 70-இல் 52. பரிந்துரை, பி ஷிப்ட் முடிந்ததும் கிராமங்கள் வரை போகும் ஒரு வேன். சம்பள உயர்வு பற்றிய பேச்சு அந்தக் கூட்டத்தில் எழவே இல்லை.

ஏப்ரலில் வேன் ஓடத் தொடங்கியது. மே மாதமே "அட்ரிஷன் குறைந்ததா?" என்று கேட்டார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை சேர்ந்தவர்கள் எல்லோரும் 90 நாளைத் தாண்டுவது செப்டம்பர் கடைசியில்தான். அதற்கு முன் எந்த எண்ணையும் தர முடியாது என்று எழுதிக் கொடுத்தோம்.