ரிஸ்க்கோமீட்டரில் ‘லோ’ என்று இருந்தால் போட்ட முதல் பத்திரமாக இருக்கும் என்று அர்த்தமில்லை

மியூச்சுவல் ஃபண்ட் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் அரை வட்டமாக ஒரு மீட்டர் படம் இருக்கும். அதற்குக் கீழே, உங்கள் அசல் பணம் இந்த அளவு ரிஸ்க்கில் இருக்கும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் ஆளை ஏமாற்றுகிறது. அதைப் படிப்பவர் முள் ‘லோ’ பக்கம் இருந்தால் போட்ட பணம் போகாது, ‘வெரி ஹை’ பக்கம் இருந்தால் பணம் போய்விடும் என்று புரிந்துகொள்கிறார். ஆனால் அந்த முள்ளை நகர்த்தும் கணக்கு, உங்கள் முதல் திரும்பி வருமா என்பதைத் தனியாகக் கேட்பதே இல்லை. இன்று அந்த ஃபண்ட் கையில் வைத்திருக்கும் பங்குகளும் பத்திரங்களும் விலையில் எவ்வளவு ஆடக்கூடும் என்பது உட்படப் பல ரிஸ்க்குகளைக் கலந்து ஒரே எண்ணாக்குகிறது.

பின்னணி இரண்டே வரி. இப்போதுள்ள ஆறு படி மீட்டரை, பங்குச் சந்தையையும் மியூச்சுவல் ஃபண்டுகளையும் ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2021 ஜனவரி முதல் கட்டாயமாக்கியது. லோ, லோ டு மாடரேட், மாடரேட், மாடரேட்லி ஹை, ஹை, வெரி ஹை என்பவை அந்தப் படிகள். ஃபண்ட் நிறுவனம் மாதாமாதம் கணக்குப் போட்டு முள்ளைச் சரிபார்க்க வேண்டும்.

கடன் பத்திர ஃபண்டுக்கு அந்தக் கணக்கில் மூன்று எண்கள் உண்டு. பத்திரம் வெளியிட்டவர் பணத்தைத் திருப்பித் தருவாரா என்பதற்கு ஒன்று, வட்டி விகிதம் மாறினால் விலை எவ்வளவு அசையும் என்பதற்கு ஒன்று, அவசரத்துக்கு விற்றுக் காசாக்க முடியுமா என்பதற்கு ஒன்று. மூன்றின் சராசரிதான் முள் நிற்கும் இடம். காசாக்கும் சிரமத்துக்கான எண் சராசரியைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வார்கள். சராசரி என்றாலே ஒன்றின் குறையை இன்னொன்று மறைக்கும். அது எப்படி நடக்கிறது என்று இரண்டு கற்பனை ஃபண்டுகளை வைத்துப் பார்ப்போம்.

முதல் ஃபண்ட் நீண்ட கால அரசுப் பத்திரங்களை மட்டுமே வாங்குகிறது. திருப்பித் தருபவர் இந்திய அரசு, ஆகவே அங்கே 1. எப்போது வேண்டுமானாலும் விற்கலாம், அங்கேயும் 1. வட்டி அசைவுக்கு மட்டும் உச்ச எண்ணான 6. கூட்டினால் 8, மூன்றால் வகுத்தால் 2.67. இரண்டுக்கு மேல் மூன்று வரை ‘மாடரேட்’.

இரண்டாவது ஃபண்ட், ‘டபுள் ஏ’ தரம் பெற்ற தனியார் கம்பெனிகளின் குறுகிய காலப் பத்திரங்களை வைத்திருக்கிறது. தரத்துக்கு 3. ஒரு வருடத்துக்குள் முதிர்வதால் வட்டி அசைவுக்கு 2. காசாக்கும் சிரமத்துக்கு 3 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் அதே 8, சராசரி அதே 2.67. காசாக்கும் எண் சராசரியைவிடப் பெரிது என்பதால் 3-ஐ எடுத்தாலும் முள் நிற்பது அதே ‘மாடரேட்’ தான்.

மீட்டர் ஒன்றுதான். ஆனால் நஷ்டம் வரும் வழி இரண்டிலும் வேறு. நாட்டில் வட்டி 1 சதவீதம் ஏறினால் முதல் ஃபண்டின் மதிப்பு 7 சதவீதமோ அதற்கு மேலுமோகூட இறங்கலாம். பத்திரம் முதிரும்போது அரசு முழுப் பணத்தையும் தந்துவிடும். காத்திருக்க முடிந்தவருக்கு அந்த இறக்கம் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது ஃபண்ட் மாதக்கணக்கில் அசையாமல் அழகாக ஏறிக்கொண்டே இருக்கும். அதில் 5 சதவீதம் இடம் பிடித்த ஒரு கம்பெனி ஒருநாள் கைவிரித்தால், அந்தப் பணத்தில் எவ்வளவு மீளும் என்பது கம்பெனியின் சொத்தைப் பொறுத்தது. ஒன்றுமே மீளாமலும் போகலாம். முதலாவதில் நடப்பது ஆட்டம், இரண்டாவதில் நடப்பது இழப்பு. மீட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கிறது.

மிகக் குறுகிய காலக் கடன் பத்திரங்களை வாங்கும் லிக்விட் ஃபண்டை “சேவிங்ஸ் அக்கவுண்ட் மாதிரி” என்று சொல்லி விற்பவர்கள் 2017 பிப்ரவரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பல்லார்பூர் இண்டஸ்ட்ரீஸ் என்ற காகிதக் கம்பெனியின் தரம் ஒரேயடியாக அடிமட்டத்துக்குக் குறைக்கப்பட்டபோது, அதன் பத்திரத்தை வைத்திருந்த டாரஸ் லிக்விட் ஃபண்டின் மதிப்பு ஒரே நாளில் ஏறக்குறைய 7 சதவீதம் விழுந்தது. அதற்கு முந்தின நாள் வரை அதன் விலைக்கோட்டைப் பார்த்தவர் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. மியூச்சுவல் ஃபண்டுக்கு, முள் எங்கே இருந்தாலும், அந்தக் காப்பீடு ஒரு ரூபாய்க்கும் கிடையாது. வங்கிக் கிளைக்குள் உட்கார்ந்து வாங்கினாலும் கிடையாது. அங்கே வங்கி வெறும் விற்பனை முகவர்தான்.

பங்கு ஃபண்டில் மீட்டர் இன்னும் குறைவாகவே பேசும். பெரிய கம்பெனிப் பங்குகளுக்கே கணக்கு 5-இல்தான் தொடங்குகிறது. 5-ஐத் தாண்டினாலே ‘வெரி ஹை’. அதனால் நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்டும், யாரும் கேள்விப்படாத சிறு கம்பெனிகளை வாங்கும் ஸ்மால் கேப் ஃபண்டும் பொதுவாக ஒரே சிவப்பில் நிற்கின்றன. அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயந்து ஓடுவதும் தவறு, இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பதும் தவறு. நிஃப்டி 2020 ஜனவரி நடுவில் 12,300-க்கு மேல் இருந்தது. மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. ஒரு லட்சம் போட்டவரின் கணக்கு 62,000 ரூபாய்க்கும் கீழே காட்டியது. அந்த நவம்பரிலேயே குறியீடு பழைய இடத்தைத் தாண்டிவிட்டது. காத்திருந்தவருக்கு முதல் போகவில்லை; ஏப்ரலில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவருக்குப் போனது. இரண்டு பேரும் பார்த்தது ஒரே மீட்டரைத்தான். உங்களுக்குப் பணம் எப்போது தேவை என்பது அந்தப் படத்துக்குத் தெரியாது.

கடன் ஃபண்ட் வாங்குகிறவர்கள் மீட்டரைத் தாண்டிப் பார்க்க வேண்டியது, அதன் பக்கத்திலேயே இருக்கும் ஒன்பது கட்டங்கள். 2021 டிசம்பர் முதல் ஒவ்வொரு கடன் ஃபண்டும் இதைக் காட்டியாக வேண்டும். ஏ, பி, சி என்ற எழுத்து கடன் தரத்தைச் சொல்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற ரோமன் எண் வட்டி அசைவைச் சொல்கிறது. ஏ-ஒன் என்றால் இரண்டிலும் குறைந்த ரிஸ்க், சி-மூன்று என்றால் இரண்டிலும் அதிகம். மீட்டர் கலந்து குழப்பியதை இந்தக் கட்டம் பிரித்துக் காட்டுகிறது. மீட்டர் போன மாத நிலவரம். கட்டம் அந்த ஃபண்ட் மேனேஜர் அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லை. மீட்டரில் ‘லோ டு மாடரேட்’ என்றும் கட்டத்தில் சி என்றும் இருந்தால், இன்றைக்கு நல்ல பத்திரம் வைத்திருக்கிறார், நாளைக்குத் தரம் குறைந்ததை வாங்க அவருக்கு அனுமதி இருக்கிறது என்று பொருள். போட்ட முதல் பத்திரமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த எழுத்தைத்தான். விற்பவர்கள் இதை எடுத்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

முள் இடம் மாறினால் ஃபண்ட் நிறுவனம் உங்களுக்கு மின்னஞ்சலோ எஸ்.எம்.எஸ்ஸோ அனுப்ப வேண்டும் என்பது விதி. அது யாருக்குப் போகிறது என்று பாருங்கள். வயதானவர்களின் விண்ணப்பத்தில் ஏஜெண்ட் தன் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. செய்தி அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. நிறுவனம் “அனுப்பிவிட்டோம்” என்று சொல்லும். ஃபண்ட் நிறுவனங்களுக்காக முதலீட்டாளர் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கே-ஃபின்டெக் அலுவலகத்தில், ஃபோலியோ எனப்படும் உங்கள் ஃபண்ட் கணக்கில் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, உங்களுடையதாக மாற்றுங்கள்.

இதைவிடப் பெரிய பொறி விண்ணப்பத்தின் மேல்பகுதியில் இருக்கிறது. ஏ.ஆர்.என். என்ற முகவர் எண்ணுக்குப் பக்கத்தில் இ.யு.ஐ.என். என்று ஒரு சின்னக் கட்டம். உங்களிடம் பேசி விற்ற ஊழியரின் தனி எண் அதில் இருக்க வேண்டும். அதைக் காலியாக விட்டால், கீழே பொடி எழுத்தில் உள்ள உறுதிமொழியில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். கட்டத்தை நானே வேண்டுமென்று காலியாக விட்டேன், இந்த முதலீட்டில் எந்த ஊழியரும் எனக்கு ஆலோசனை சொல்லவில்லை என்பது அதன் சாரம்.

ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர், முதிர்ந்த டெபாசிட்டைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனார். “அம்மா, இதுல மாடரேட்னுதான் போட்டிருக்கு, எஃப்.டி. மாதிரிதான், வட்டி கூட வரும்” என்று சொல்லி, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். அவற்றில் ஒன்று இந்த உறுதிமொழி. வாங்கியது நீண்ட கால அரசுப் பத்திர ஃபண்ட். சில மாதத்தில் கண் அறுவைக்குப் பணம் தேவைப்பட்டபோது போட்டதைவிடக் குறைவாக இருந்தது. வங்கி “ஃபண்ட் கம்பெனியைக் கேளுங்க” என்றது. ஃபண்ட் கம்பெனி, மீட்டர் அச்சடித்த பக்கத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது என்றது. திரும்ப வங்கிக்குப் போனால், ஆலோசனையே பெறவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று நகலை நீட்டினார்கள். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. காகிதம்தான் அவருக்கு எதிராகப் பேசியது.

ஆகவே இ.யு.ஐ.என். கட்டத்தில் எண் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். “எண்ணை எழுதுங்க தம்பி, அப்புறம் போடுறேன்” என்றால் போதும். முதல் குறையாது என்று வாயால் சொன்னால், அதையே உங்கள் மின்னஞ்சலுக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், அந்த விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் புகாரில் ‘நஷ்டமாகிவிட்டது’ என்று மட்டும் எழுதினால், சந்தை அபாயத்துக்கு உட்பட்டது என்ற அச்சு பதில்தான் வரும். நஷ்டத்தைப் பற்றி எழுதாமல், சொல்லப்பட்டதைப் பற்றி எழுதுங்கள்: எந்தத் தேதி, எந்தக் கிளை, யார், என்ன வார்த்தை சொன்னார், பணம் எதற்காக எப்போது தேவை என்று நீங்கள் சொன்னீர்களா, அன்றைக்கு எந்த டெபாசிட்டை உடைத்து இதில் போட்டார்கள். டெபாசிட் முடிந்த தேதியும் ஃபண்ட் வாங்கிய தேதியும் ஒன்றாக இருந்தால் பாஸ்புக் பக்கத்தை இணையுங்கள். யாரும் ஆலோசனை சொல்லவில்லை என்ற உறுதிமொழிக்கு எதிராக உங்கள் கையில் இருக்கும் சான்று பெரும்பாலும் அது ஒன்றுதான். முதலில் ஃபண்ட் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. சரியான பதில் இல்லையென்றால் செபியின் scores.sebi.gov.in தளத்தில் பதியுங்கள். அங்கே நிறுவனத்துக்கு 21 நாள் கெடு. வரும் பதில் திருப்தி இல்லையென்றால் மறு ஆய்வு கேட்க உங்களுக்கு இருப்பது 15 நாள்தான். அது கடந்தால் புகார் தீர்ந்ததாக மூடிவிடுவார்கள். பதில் வந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.