கீழ்வீட்டு ஜன்னலில் மரத்தின் உச்சி

பாளையங்கோட்டையில் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பது என் தொழில். பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் இணையத்தில் பார்த்த வீட்டுப் படங்களோடுதான் வருகிறார்கள். அவற்றில் சில நம் ஊர் வீடுகளே அல்ல.

போன வருடம் தென்காசித் தம்பி ஒருவர், "அண்ணாச்சி, பெருமாள்புரத்தில் இந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது?" என்று கைப்பேசியை நீட்டினார். இரண்டு படுக்கையறை, கீழ்வீடு, மலிவான வாடகை. உரிமையாளர் ராணுவத்தில் இருப்பதாகவும், மாற்றலாகிவிட்டதால் வீட்டைக் காட்ட ஆள் இல்லை என்றும், 5,000 ரூபாய் டோக்கன் அனுப்பினால் சாவி வரும் என்றும் செய்தி.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, மரத்தின் உச்சி தாழ்வாகத் தெரிந்தது. கீழ்வீட்டிலிருந்து அப்படித் தெரியாது. சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் எண்கள் இடவலம் மாறிக் கிடந்தன. படத்தைக் கண்ணாடி பிம்பம்போல் திருப்பியிருக்கிறார்கள். இது வேண்டுமென்றே செய்வது; திருப்பிய படத்தின் மூலத்தைத் தேடுபொறி பல சமயம் கோட்டைவிடும்.

தம்பி ஏற்கெனவே கூகுள் லென்ஸில் முழுப் படத்தையும் போட்டுப் பார்த்து, எதுவும் வரவில்லை என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். கைப்பேசியின் படத் திருத்தியிலேயே படத்தை மறுபடி இடவலமாகத் திருப்பினோம். பிறகு சோபா, தரை எல்லாம் நீக்கி, சமையல் மேடையும் ஜன்னலும் உள்ள பகுதியை மட்டும் வெட்டித் தேடினோம். வேறு மாநிலத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் பழைய விற்பனை விளம்பரம் வந்து நின்றது. அதே மேடை, அதே ஜன்னல்.

ஒரே படம் இரண்டு இடங்களில் இருப்பதாலேயே மோசடி என்று சொல்லிவிடக் கூடாது. ஒரே வீட்டை நாங்கள் தரகர்கள் பலர் பல தளங்களில் போடுவோம். ஊர் மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதேபோல, தேடலில் எதுவும் வராவிட்டால் படம் உண்மையானது என்று அர்த்தமில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்த படம் தேடுபொறிக்கு எட்டாது. படம் எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களைத் தேடுவதும் வீண். வாட்ஸ்அப்பில் படமாக வரும்போதே அவை நீங்கிவிடும்.

ஆகவே நான் கேட்கச் சொல்வது வீடியோ அழைப்பு. தெருமுனையில் தொடங்கி, வாசலில் உள்ள மின் மீட்டரைக் காட்டி, உள்ளே போய்ச் சமையலறைக் குழாயைத் திறக்க வேண்டும். நடுவில் அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. இதை அந்த 'ராணுவ வீரரிடம்' கேட்டதும் முதலில் முகாமில் அனுமதியில்லை என்றார், பிறகு தம்பியின் எண்ணையே முடக்கிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்திருந்தால்கூட இந்த வீடியோ அழைப்பில் அவரே வீட்டைக் காட்டிவிடுவார்.

தம்பி பணம் அனுப்பியிருக்கவில்லை. அனுப்பியவர்கள் உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க வழி உண்டு. விளம்பரத்தையும் உரையாடலையும் அழிக்காமல், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.